ஆர்ஓசி படத்துல எந்த புள்ளிய எடுக்குறது? சுகர் கேம்ப் கணக்கோட முழு வழிகாட்டி

ஆஃபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்க மாடல் ஓட்டி முடிச்சதும் ஆர்ஓசி படத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவாங்க, கீழ "அண்ணா ஏயூசி 0.83, ஓகேவா?"ன்னு ஒரு வரி. சரி தம்பி, எந்த ஸ்கோருக்கு மேல போனா ஆள கூப்பிடப் போறேன்னு திருப்பி கேட்டா, படத்தோட கீழ் அச்சுல 0.5 இருக்குற எடத்துல விரல வெக்கிறாங்க. அது த்ரெஷோல்டே கிடையாது. கீழ் அச்சு, பக்கவாட்டு அச்சு ரெண்டுலயுமே த்ரெஷோல்ட் கிடையாது, அது கோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அத எப்படி வெளிய எடுக்குறது, எடுத்தத வெச்சு எப்படி முடிவு பண்றது, கோட்டுக்கு கீழ இருக்குற பரப்பான அந்த ஏயூசி 0.83-க்கு என்ன அர்த்தம்னு வரிசையா எழுதறேன்.

உதாரணத்துக்கு வட சென்னை பக்கம் ஒரு சமுதாயக் கூடத்துல நடக்குற சுகர் கேம்ப். வர்றவங்ககிட்ட வயசு, குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா, எவ்ளோ நடக்குறீங்கன்னு கேட்டு, இடுப்ப டேப்பால அளந்து, மாடல் 0-லருந்து 1-குள்ள ஒரு ஸ்கோர் குடுக்குது. ஸ்கோர் அதிகமா இருக்குறவங்கள மறுநாள் காலைல வெறும் வயித்துல ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லணும். கணக்கு ஈசியா இருக்கணும்னு எண்கள நானே உருண்டையா வெச்சிருக்கேன்: 1000 பேர், அதுல நெஜமாவே சுகர் இருக்குறவங்க 100, இல்லாதவங்க 900.

## 1. மொதல்ல கையில இருக்க வேண்டியது

மூணு விஷயம் வேணும். மாடல் ட்ரெயினிங்ல பாக்காத ஆளுங்களோட ஸ்கோர், அதே ஆளுங்களுக்கு ரத்தப் பரிசோதனைல வந்த உண்மையான விடை, அப்புறம் யாரும் தொடாம தனியா பூட்டி வெச்ச இன்னொரு டேட்டா. மூணாவதுக்கு வேலை கடைசி ஸ்டெப்ல தான், ஆனா இப்பவே பிரிச்சு வெக்கலன்னா அப்புறம் பிரிக்க முடியாது.

ஸ்கோர்னா முழு ஸ்கோர், 0 இல்லன்னா 1-னு வெட்டினது இல்ல. நான் அதிகமா பாக்குற தப்பு இதுதான். `predict` போட்டு வந்தத குடுத்துடுவாங்க, படம் வளைவா வராம ஒரே ஒரு முட்டியோட மடிச்ச கோடா வரும். நம்ம கேம்ப் மாடல 0.45-ல வெட்டிட்டு ஏயூசி கேட்டா 0.74 தான் காட்டும், முழு ஸ்கோர் குடுத்தா 0.83. மாடல் அதேதான், நாம தான் பாதிய தூக்கி எறிஞ்சுட்டோம்.

```python
from sklearn.metrics import roc_curve, roc_auc_score
p = model.predict_proba(X_val)[:, 1]
fpr, tpr, thr = roc_curve(y_val, p, drop_intermediate=False)
print(roc_auc_score(y_val, p))
```

`[:, 1]`-க்கு பதிலா `[:, 0]` போட்டா படம் தலைகீழா, குறுக்குக் கோட்டுக்கு கீழ தொங்கும். ஏயூசி 0.17-னு வந்தா மாடல திட்டாதீங்க, நெடுவரிசை மாறிருக்கான்னு பாருங்க.

## 2. ஏழு பேர வெச்சு ஒரு தடவ கையால வரைங்க

இத ஸ்கிப் பண்றவங்க தான் பின்னாடி அச்சுல த்ரெஷோல்ட தேடுறாங்க. பேப்பர் எடுங்க. சுகர் இருக்குற மூணு பேரோட ஸ்கோர் 0.9, 0.6, 0.4. இல்லாத நாலு பேரோட ஸ்கோர் 0.7, 0.3, 0.2, 0.1.

த்ரெஷோல்ட 1-ல வெச்சா யாரையும் கூப்பிடல, அதனால கீழ் இடது மூலைல நிக்கிறோம். மெதுவா எறக்குங்க. 0.9-க்கு வந்ததும் சுகர் இருக்குற ஒருத்தர் மாட்டுறாரு, மூணுல ஒரு பங்கு மேல ஏறுங்க. 0.7-ல சுகர் இல்லாத ஒருத்தர் மாட்டுறாரு, நாலுல ஒரு பங்கு வலது பக்கம் போங்க. 0.6 மேல, 0.4 மேல, மிச்ச மூணும் வலது. மேல் வலது மூலைக்கு வந்துட்டீங்க.

அவ்ளோதான் ஆர்ஓசி. மேல போறது நெஜ நோயாளிகள்ல எத்தன பங்கு பிடிச்சோம், அது சென்சிடிவிட்டி. வலது பக்கம் போறது நோய் இல்லாதவங்கள்ல எத்தன பங்கு பேர வீணா கூப்பிட்டோம், ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட். சில படத்துல கீழ "1 - Specificity"-ன்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா வெறும் "Specificity"-ன்னு போட்டு எண்கள் 1-லருந்து 0-க்கு எறங்குற படமும் உண்டு, அதனால கீழ எழுதிருக்கறத படிச்சுட்டு அப்புறமா கோட்ட பாருங்க.

இப்ப அந்த படிக்கட்டுக்கு கீழ இருக்குற பரப்ப அளங்க. மொத கால் பங்கு அகலத்துக்கு உயரம் மூணுல ஒண்ணு, மிச்ச முக்கால் பங்குக்கு உயரம் முழுசு, மொத்தம் 0.833. இந்த எண்ண மனசுல வெச்சுக்கோங்க, ஏயூசி வரும்போது வேணும்.

## 3. வரையும்போதே த்ரெஷோல்ட கோட்டு மேல எழுதுங்க

வெறும் வளைவு மட்டும் இருக்குற படத்துலருந்து யாராலயும் த்ரெஷோல்ட் எடுக்க முடியாது. ரெண்டு மாடல் ஒரே வளைவ குடுக்கும், ஆனா ஒண்ணுல அந்த புள்ளி 0.30, இன்னொண்ணுல 0.02-ன்னு இருக்கும். ஏன்னா ஆர்ஓசிக்கு ஸ்கோரோட வரிசை மட்டும் தான் தெரியும், அளவு தெரியாது. எல்லா ஸ்கோரையும் பாதியாக்கினாலும் படம் அசையாது. அதனால நீங்களே எழுதணும்.

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt
fig, ax = plt.subplots(figsize=(6, 6))
ax.plot(fpr, tpr)
ax.plot([0, 1], [0, 1], "--")
for t in [0.6, 0.45, 0.3, 0.2, 0.1]:
    i = np.where(thr >= t)[0][-1]
    ax.plot(fpr[i], tpr[i], "o")
    ax.annotate(str(t), (fpr[i], tpr[i]))
ax.set_aspect("equal")
plt.show()
```

`thr`-ல மொத எண் `inf`-னு வரும், பயப்படாதீங்க, அது யாரையும் கூப்பிடாத புள்ளி. பழைய வெர்ஷன்ல அதுக்கு பதிலா 1-க்கு மேல ஒரு விசித்திரமான எண் இருக்கும்.

படம் சதுரமா இருக்கணும்னு `set_aspect` போட்டது அழகுக்கு இல்ல. ஸ்லைடுல இடம் பத்தலன்னு படத்த அகலமா இழுத்துடுவாங்க, அப்ப சாய்வு மாறிடும், அஞ்சாவது ஸ்டெப்ல ஸ்கேல் வெக்கும்போது தப்பான எடத்துல தொடும்.

## 4. பங்குகள தலைகளா மாத்துங்க

0.80, 0.28-ன்னு சொன்னா கேம்ப் நடத்துற டாக்டருக்கு ஒண்ணும் புரியாது, நமக்குமே உண்மைல புரியல, புரிஞ்ச மாதிரி இருக்கும். சென்சிடிவிட்டிய 100-ஆல பெருக்குங்க, ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட்ட 900-ஆல பெருக்குங்க.

| த்ரெஷோல்ட் | சென்சிடிவிட்டி | ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட் | பிடிச்சவங்க | தவறவிட்டவங்க | வீணா வந்தவங்க |
|---|---|---|---|---|---|
| 0.60 | 0.40 | 0.05 | 40 | 60 | 45 |
| 0.45 | 0.62 | 0.14 | 62 | 38 | 126 |
| 0.30 | 0.80 | 0.28 | 80 | 20 | 252 |
| 0.20 | 0.90 | 0.45 | 90 | 10 | 405 |
| 0.10 | 0.97 | 0.70 | 97 | 3 | 630 |

இங்க தான் படம் நம்மள ஏமாத்துறது தெரியும். ரெண்டு அச்சும் ஒரே நீளம், ஆனா மேல் அச்சோட முழு நீளம் 100 பேரு, கீழ் அச்சோட முழு நீளம் 900 பேரு. படத்துல வலது பக்கம் ஒரு சென்டிமீட்டர் போறது மேல ஒரு சென்டிமீட்டர் ஏறுறத விட ஒம்போது மடங்கு ஆளுங்க. கண்ணுக்கு "கொஞ்சம் தான் வலது பக்கம் போச்சு"ன்னு தெரியும், வாசல்ல பாத்தா காலைல சாப்பிடாம 150 பேரு எக்ஸ்ட்ரா நிப்பாங்க.

## 5. விலைய கேட்டுட்டு அப்புறம் ஸ்கேல வைங்க

முக்கியமான ஸ்டெப் இது, இதுல தான் எல்லாரும் ஷார்ட்கட் எடுக்குறாங்க. மேல் இடது மூலைக்கு கிட்ட இருக்குற புள்ளிய எடுத்துடுவாங்க, இல்லன்னா சென்சிடிவிட்டிலருந்து ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட்ட கழிச்சு எது பெருசோ அத எடுப்பாங்க. யூடன் இண்டெக்ஸ்னு அதுக்கு பேரு. நம்ம டேபிள்ல அது 0.30, கழிச்சா 0.52 வருது, மத்ததெல்லாம் அதவிட கம்மி.

பாக்க நடுநிலையா தெரியும், ஆனா யூடனுக்குள்ள ஒரு விலை ஒளிஞ்சிருக்கு. 100-க்கு 900-ங்கிற கூட்டத்துல யூடன் எடுத்தா, ஒரு நோயாளிய தவறவிடுறது ஒம்போது பேர வீணா வர வெக்கிறதுக்கு சமம்னு நீங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். சுகர் 100-ல ஒருத்தருக்கு தான் இருக்குன்னா அதே யூடன் 99 பேருன்னு சொல்லும். யாரும் உக்காந்து முடிவு பண்ணாத விலை, கூட்டத்துல நோய் எவ்ளோ இருக்கோ அதுவே வெச்ச விலை.

அதனால கேம்ப்புக்கு பொறுப்பா இருக்குறவங்ககிட்ட நேரா கேளுங்க. சென்சிடிவிட்டி எவ்ளோ வேணும்னு கேட்டீங்கன்னா எல்லாரும் 95 சதவீதம்னு தான் சொல்லுவாங்க, கேள்விய இப்படி போடுங்க: "மேடம், ஒரு சுகர் பேஷண்ட விட்டுடாம இருக்க, எத்தன பேரு காலைல பட்டினியா வந்து ஒண்ணும் இல்லன்னு திரும்பிப் போனா பரவால்ல?" நான் கேட்டப்ப அந்தம்மா மொதல்ல பத்துன்னாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேனாவ சுத்திக்கிட்டே இருந்துட்டு "தினக்கூலிக்கு போறவங்களுக்கு அரை நாள் போகும்... ஆனா இவங்க மறுபடி எப்ப டெஸ்ட் எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது, இருபதுன்னே போட்டுக்கோங்க"ன்னாங்க.

இப்ப டேபிள்ல தவறவிட்டவங்கள அந்த எண்ணால பெருக்கி, வீணா வந்தவங்கள கூட்டுங்க. பத்துன்னா 0.45-க்கு 506, 0.30-க்கு 452, 0.20-க்கு 505, அப்ப 0.30 ஜெயிக்குது. இருபதுன்னா 0.30-க்கு 652, 0.20-க்கு 605, 0.10-க்கு 690, அப்ப 0.20. மாடல் மாறல, படம் மாறல, ஏயூசி மாறல, அந்தம்மா பேனா சுத்துன நேரத்துல த்ரெஷோல்ட் மாறிடுச்சு.

இதையே படத்து மேல பண்ணலாம். ஸ்கேலோட சாய்வு எவ்ளோன்னா, நோய் இல்லாதவங்கள நோய் இருக்குறவங்களால வகுத்து, அத விலையால வகுக்கணும்.

```
சாய்வு = (900 / 100) / 20 = 0.45
```

வலது பக்கம் முழு அகலம் போனா 0.45 உயரம் ஏறுற மாதிரி ஸ்கேல சாய்ச்சு, மேல் இடது மூலைலருந்து சாய்வு மாறாம கீழ எறக்குங்க. வளைவ மொதல்ல எங்க தொடுதோ அதான் உங்க புள்ளி. நம்ம படத்துல 0.20-ங்கிற புள்ளில தொடும், அப்ப ஸ்கேலோட இடது முனை பக்கவாட்டு அச்சுல ஏறக்குறைய 0.70-ல இருக்கும். சரியா வெச்சீங்களான்னு அத வெச்சு செக் பண்ணிக்கலாம். சாய்வு கம்மியாக கம்மியாக தொடுற எடம் வலது பக்கம் நகரும், அதாவது தவறவிடுறதுக்கு பயம் அதிகமானா நெறைய பேர கூப்பிடணும், லாஜிக் சரியா வருது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. 0.20-ல 90-ம் 405-ம் சேத்து 495 பேர டெஸ்ட் பண்ணணும், கையில 200 பேருக்கு தான் வசதின்னு வெச்சுக்கோங்க. அப்ப 0.45 தவிர வழியில்ல, அதுல 188 பேரு. எடுங்க, தப்பில்ல, ஆனா "மாடல் 0.45 சொல்லுச்சு"ன்னு எழுதாதீங்க. 200 பேருக்கு தான் டெஸ்ட் பண்ண முடியும்ங்கிறதால 0.45 வெச்சோம், 100-ல 38 பேரு வீட்டுக்கு போயிடுவாங்க, 0.20 வெச்சிருந்தா 10 பேரு தான் போயிருப்பாங்கன்னு எழுதிக் குடுங்க. எக்ஸ்ட்ரா 300 டெஸ்ட்டுக்கு காசு தேடலாமான்னு முடிவு பண்ண வேண்டியவங்களுக்கு அந்த வரி தான் வேணும்.

## 6. இப்ப ஏயூசிய படிங்க

வேணும்னே தான் பின்னாடி வெச்சிருக்கேன், ஏன்னா முன்னாடி படிச்சா த்ரெஷோல்ட் வேலையே முடிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு வந்துடும்.

அந்த ஏழு பேருக்கு திரும்பி வாங்க. சுகர் இருக்குற ஒருத்தர், இல்லாத ஒருத்தர்னு ஜோடி போட்டா மொத்தம் 12 ஜோடி. எத்தன ஜோடில சுகர் இருக்குறவரோட ஸ்கோர் அதிகம்? 0.9 நாலு பேரயும் ஜெயிக்குது, 0.6 மூணு பேர, 0.4 மூணு பேர, ஆக 10. பத்த பன்னெண்டால வகுத்தா 0.833, பரப்ப அளந்தப்ப வந்த அதே எண். ஏயூசின்னா இதான்: ரெண்டு கூட்டத்துலருந்தும் கண்ண மூடிட்டு ஆளுக்கொருத்தர எடுத்தா, மாடல் சரியானவர மேல வெக்கிற வாய்ப்பு. ஸ்கோர் சமமா இருந்தா அந்த ஜோடிக்கு அரை மார்க். "83 சதவீதம் பேருக்கு சரியா சொல்லுது"ன்னு எழுதினா தப்பு, கேம்ப்ல யாரும் ஜோடியா வர்றதில்ல.

நெஜ உதாரணம் ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கு. மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல வெளியிட்ட இந்தியன் டயாபடிஸ் ரிஸ்க் ஸ்கோர், வயசு, இடுப்பளவு, குடும்ப வரலாறு, உடல் உழைப்பு நாலையும் கூட்டி 100-க்கு மார்க் போடும், 60-ம் அதுக்கு மேலயும் ரிஸ்க் அதிகம். அதோட ஏயூசி 0.698. 60-ல வெட்டினா சென்சிடிவிட்டி 72.5 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 60.1 சதவீதம். இத நம்ம 1000 பேருக்கு போட்டு பாருங்க, ஏறக்குறைய 73 பேர பிடிக்கும், 359 பேரு வீணா வருவாங்க, கூப்பிட்டவங்கள்ல நோய் இருக்குறது 17 சதவீதம். 0.7-ன்னா மோசம்னு சொல்லி ஒதுக்குற பசங்களுக்கு இத காட்டுவேன். ரத்தம் எடுக்காம ஒரு டேப்பும் சில கேள்வியும் வெச்சு 1000-லருந்து 432-க்கு வடிகட்டுதுன்னா, எதுக்காக வடிகட்டுறோம்ங்கிறத பொறுத்து அது நல்ல பேரம்.

அந்த ஸ்கோர் பத்து பத்தா தான் ஏறும், அதனால அதோட ஆர்ஓசில சில முனைகள் மட்டும் தான் நெஜம், நடுவுல இருக்குற நேர்கோடு சும்மா இணைச்சது. அந்த கோட்டு நடுவுல விரல வெச்சு "இந்த புள்ளி வேணும்"னு கேட்டா குடுக்க த்ரெஷோல்ட் கிடையாது.

இன்னொண்ணு, ரெண்டு மாடலோட வளைவு ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போனா ஏயூசிய ஒப்பிடாதீங்க. உங்க ஸ்கேல் தொடுற பக்கத்துல எது மேல இருக்கோ அதான் உங்களுக்கு நல்ல மாடல், மொத்தப் பரப்பு கம்மியா இருந்தாலும். 200 பேரு தான் கூப்பிட முடியும்னா வலது பாதில வளைவு எவ்ளோ அழகா இருந்தாலும் நீங்க அங்க போகவே போறதில்ல.

## 7. எடம் மாறினா அதே புள்ளிய தூக்கிட்டுப் போகாதீங்க

கேம்ப்ல 0.30 வெச்சிருந்தா 332 பேர கூப்பிடுவோம், அதுல 80 பேருக்கு சுகர், 24 சதவீதம். அதே மாடல ஒரு கிளினிக்ல போட்டு, அங்க வர்றவங்கள்ல 1000-க்கு 400 பேருக்கு சுகர்னு வெச்சா, 320 பேரு சரியா, 168 பேரு வீணா, 66 சதவீதம். ஆர்ஓசி படம் ரெண்டு எடத்துலயும் அச்சு அசல் ஒண்ணா இருக்கலாம், ஏன்னா ரெண்டு கூட்டத்தயும் அது தனித்தனியா தான் அளக்குது. ஆனா கூப்பிட்டா நோய் இருக்குமாங்கிற வாய்ப்பு தலைகீழா மாறுது. சாய்வ திரும்பப் போடுங்க: 600-ஐ 400-ஆல வகுத்து 20-ஆல வகுத்தா 0.075, ஸ்கேல் கிட்டத்தட்ட படுத்துடும், 0.10 புள்ளியயும் தாண்டி வலது பக்கம், கிட்டத்தட்ட எல்லாரையும் கூப்பிடுற எடத்துக்கு போயிடுவீங்க.

வளைவே மாறவும் செய்யும். கிளினிக்குக்கு வர்றவங்கள்ல சுகர் முத்தினவங்க அதிகம், அவங்கள பிரிக்கிறது ஈசி, ஏயூசி ஏறிடும். அங்க எடுத்த 0.90-அ நம்பி தெருவுல கேம்ப் போட்டா ஏமாந்துடுவோம்.

## 8. பூட்டி வெச்சத ஒரே ஒரு தடவ தெறங்க

த்ரெஷோல்ட முடிவு பண்ணி, எண்ண எழுதி வெச்சுட்டு, அப்புறம் அந்த தனி டேட்டாவ எடுங்க. 0.20-ன்னா அங்கயும் 0.20 தான், அங்க புதுசா ஆர்ஓசி போட்டு நல்ல புள்ளி தேடக்கூடாது. தேடி எடுத்த புள்ளி தேடின டேட்டால எப்பவுமே கொஞ்சம் அழகா தான் தெரியும், அதான் அத தேடி எடுத்தோம்.

அந்த டேட்டால நோயாளிகள் எத்தன பேருன்னு எண்ணுங்க. 20 பேரு தான்னா வளைவு ஒவ்வொரு படியும் 0.05 ஏறும், தூரத்துலருந்து பாத்தாலே படிக்கட்டு தெரியும். 20-ல 18 பிடிச்சா 0.90 தான், ஆனா 95 சதவீத நம்பிக்கை எல்லை ஏறக்குறைய 0.70-லருந்து 0.97 வரைக்கும் விரியும். போன மாசம் ஒரு தம்பி இப்படி 20 பேர வெச்சு ரெண்டு மாடல ஒப்பிட்டு ஏயூசி 0.84, 0.82-ன்னு கொண்டு வந்தான், ஒரே ஒரு நோயாளியோட ஸ்கோர மாத்தி ஓட்டுன்னேன், வரிசை மாறிடுச்சு. அதனால அடுத்த ரெண்டு கேம்ப்போட ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் 0.20-லயே வெச்சிருக்கோம்.